பண்ணைக்காட்டு மிளகும் ஏழாவது விதியும்

"ஏலே ஆண்டிச்சாமி, பிரேக்கை மறந்துட்டு ஓட்டு!"

"இருந்தாத்தான மொதலாளி மறக்க முடியும்" என்றான் ஆண்டிச்சாமி. ஜீப் வளைவில் இரண்டு சக்கரத்தில் திரும்பியது.

சேனாதிபதி ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நாற்பது. டெல்லியில் அறிக்கை வெளியாவது மூன்று மணிக்கு. பண்ணைக்காட்டிலிருந்து கோடைக்கானல் தபாலாபீசு வரை மலைப்பாதை. ஒழுங்காக ஓட்டினால் இரண்டரை மணி நேரம். ஒழுங்காக ஓட்ட நேரம் இல்லை.

பின்சீட்டில் அவர் மனைவி வடிவு சம்மணமிட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். சுளைகளைப் பிரித்து, நரம்பை எடுத்து, நிதானமாக வாயில் போட்டாள். ஒரு சுளையைக் கணவரிடம் நீட்டினாள்.

"வேண்டாம்."

"வெறும் வயித்துல பதறாதீங்க. சுளையைத் தின்னுட்டுப் பதறுங்க."

சேனாதிபதி வாங்கிக்கொண்டார். மென்றாரா, விழுங்கினாரா என்பது அவருக்கே தெரியாது. சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த தாள் அவர் மார்பைச் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் கைப்பட எழுதிய தாள். எழுதிப் பதினெட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்று விதிகளை உடைத்தாகிவிட்டது.

சேனாதிபதி மிளகு வியாபாரி. கீழ்ப்பழனி மலைத் தோட்டங்களில் விளையும் மிளகை வாங்கிக் காயவைத்து, புடைத்து, பண்ணைக்காட்டுக் கிடங்கில் அடுக்கி, விலை பார்த்துக் கொச்சிக்கு அனுப்புவார். இந்த வருஷம் கிடங்கில் முப்பது டன் கிடந்தது. மிளகு கிடங்கில் தூங்கும்போது வியாபாரி தூங்க முடியாது. விலை இறங்கினால் மூட்டைக்கு மூட்டை நஷ்டம்.

அதற்கு ஒரு மருந்து உண்டு. கொச்சியில் முன்பேர சந்தை இருக்கிறது. ஜூன் மாத விலைக்கு முப்பது டன்னை இன்றே விற்று வைத்துவிடலாம். அப்புறம் விலை இறங்கினால் கிடங்குச் சரக்கில் போகிற பணம் முன்விற்பனையில் திரும்பி வரும். விலை ஏறினால் முன்விற்பனையில் நஷ்டம், சரக்கில் லாபம். இரண்டும் கட்டிப்போட்ட இரண்டு மாடு மாதிரி. எந்தப் பக்கம் இழுத்தாலும் வண்டி சாயாது. சேனாதிபதியும் அப்படித்தான் விற்று வைத்திருந்தார். கொச்சியில் அவருக்காகச் சந்தையில் நிற்கிற தரகர் ஜெயந்திலால் சேட்டு அதை முடித்துக் கொடுத்திருந்தார்.

சிக்கல் மாட்டில் இல்லை, வண்டிக்காரரிடம் இருந்தது.

போன வருஷமும் இதே மாதிரிதான் கட்டி வைத்திருந்தார். அகில இந்திய மிளகு விளைச்சல் மதிப்பீடு வருகிற அன்றைக்குக் காலையில் யாரோ எதையோ சொல்ல, ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டார். அறிக்கை வந்தது. அவருடைய லாரி போனது. புது லாரி. முன்னால் பூமாலைகூட வாடவில்லை.

இந்த முறை போனால் போவதற்கு லாரி இல்லை. வடிவின் தோட்டம்தான் இருக்கிறது. பண்ணைக்காட்டுச் சரிவில் பன்னிரண்டு ஏக்கர், காப்பியும் மிளகும். அவள் அப்பா அவளுக்கு எழுதிவைத்தது, அவளே நின்று ஆள் வைத்துப் பார்ப்பது.

ஆகவே முந்தின நாள் சாயங்காலம், கோடைக்கானல் நாயுடுபுரத்து வீட்டில், காலியான எடைச்சீட்டு ஒன்றின் முதுகில் சேனாதிபதி தனக்குத்தானே எழுதிக்கொண்டார்:

*சேனாதிபதிக்கு, சேனாதிபதி எழுதுவது.*

*1. கிடங்கில் முப்பது டன். கொச்சியில் விற்றது முப்பது டன். அறிக்கை வரும்வரை இரண்டையும் தொடாதே.*

*2. அறிக்கை வந்த பிறகும் அரை மணி நேரம் ஆர்டர் கிடையாது. முதல் துள்ளல் பொய்த் துள்ளல்.*

*3. நம்ம மலைக் கொடியைப் பார்த்து நாட்டு விளைச்சலைச் சொல்லாதே. மலையாளத்து மிளகு முன்னால் நம்முடையது ஒரு சிட்டிகை.*

*4. டீக்கடையில் கேட்டது செய்தி இல்லை.*

*5. விலை ஏறினால் முன்விற்பனை நஷ்டத்துக்கு ஈடாகச் சேட்டு மார்ஜின் பணம் கேட்பார். அதற்கான பணம் பீரோவில் தனியாக இருக்கிறது. கட்டிவிட்டுச் சும்மா இரு.*

*6. 'எனக்கு நிச்சயமாத் தெரியும்' என்று மனசு சொன்னால் லாரியை நினை.*

ஏழாவதை எழுதுவதற்கு முன் பேனாவைக் கடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஆறு விதியையும் எழுதியவன் யோக்கியன். நாளைக்குப் படிக்கப் போகிறவன் யார் என்பதுதான் அவருக்குச் சந்தேகம்.

*7. நாளை மூன்றரை மணிக்குள் சேட்டுக்கு என்ன ஆர்டர் போனாலும் அதில் ஒரு ரகசியச் சொல் இருக்க வேண்டும். சொல் இல்லாத ஆர்டர் செல்லாது. அந்தச் சொல் வடிவுக்கும் சேட்டுக்கும் மட்டுமே தெரியும். எனக்குத் தெரியக் கூடாது.*

உடனே கொச்சிக்கு ட்ரங்க் கால் போட்டு, சேட்டிடம் இந்த ஏற்பாட்டைச் சொல்லி, போனை வடிவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். உள்ளே வடிவு மெல்லிய குரலில் ஏதோ பேசினாள். சேட்டு சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. சேனாதிபதி காதைப் பொத்திக்கொண்டார். அவ்வளவு நேர்மை!

காலையில் போன் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று ஜீப்பை எடுத்துக்கொண்டு இருவரும் பண்ணைக்காட்டுக்குப் போனார்கள். வடிவை அவள் தோட்டத்தில் இறக்கிவிட்டுக் கிடங்குக்குப் போகிற வழியில், பத்து மணிக்கு, சேனாதிபதி அதைப் பார்த்தார்.

எதிர்ச்சரிவு, பக்கத்துத் தோட்டக்காரர் அழகுமலையுடையது. போன தடவை பார்த்தபோது பச்சைத் தூண்களாக நின்ற மிளகுக் கொடிகள் மேலிருந்து கீழ்வரை காய்ந்து பழுப்பாகத் தொங்கின. ஒரு கொடி இரண்டு கொடி இல்லை, சரிவு முழுக்க.

சேனாதிபதியின் மூளை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. இங்கே இப்படி என்றால் வயநாட்டில்? இடுக்கியில்? நோய் வந்திருக்கிறது. விளைச்சல் பாதிதான். மூன்று மணிக்கு அறிக்கை அதைச் சொல்லும். விலை வானத்துக்குப் போகும். தானோ முப்பது டன்னை விற்று வைத்துக்கொண்டு முட்டாளாக நிற்கிறோம்.

எனக்கு நிச்சயமாத் தெரியும், என்றது மனசு.

லாரி ஞாபகத்துக்கு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

ஜீப்பைத் திருப்பச் சொல்லி வடிவின் தோட்டத்துக்கு ஓடினார். அவள் களத்தில் காயும் மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க, சொல்லைக் கேட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கணவரின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், மிளகை ஒருமுறை பார்த்தாள்.

"பூண்டு" என்றாள்.

பண்ணைக்காட்டுத் தபாலாபீசிலிருந்து எக்ஸ்பிரஸ் தந்தி பறந்தது. அறுபது டன் வாங்கு. முப்பது, விற்றதைத் தீர்க்க. மேலும் முப்பது, விலை ஏறுகிறபோது லாபம் பார்க்க. கடைசி வார்த்தை: பூண்டு. ஒரே தந்தியில் முதல் விதி, மூன்றாம் விதி, ஆறாம் விதி மூன்றும் பணால்.

தந்தி கொடுத்த தெம்பில் டீக்கடையில் உட்கார்ந்தபோது அழகுமலையே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சேனாதிபதி துக்கம் விசாரிக்கிற குரலில், கொடிக்கு என்ன நோய் என்று கேட்டார்.

அழகுமலை டீயை ஊதினார். "நோயா? நாந்தான் தூர்ல வெட்டி விட்டேன். போன வாரம். காயட்டும், உருவிப் போட்டுட்டு வாழை வைக்கப் போறேன். மிளகு பறிக்க ஏணியில ஏற ஆளே வர மாட்டேங்கான்."

டீயை அப்படியே வைத்துவிட்டுச் சேனாதிபதி எழுந்து நின்றார். டீக்கடையில் கேட்டது செய்தி இல்லை என்பது நாலாவது விதி. ஆனால் இது வெட்டியவர் வாயாலேயே வந்தது. அழகுமலையின் அரிவாள் செய்த வேலையை நம்பி, நாடு முழுக்க மிளகு செத்துவிட்டதென்று முடிவு கட்டி, கட்டியிருந்த ஒரு மாட்டை அவிழ்த்ததோடு, மூன்றாவதாக ஒரு காளையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். இப்போது விலை இறங்கினால் கிடங்குச் சரக்கிலும் அடி, வாங்கிய முப்பதிலும் அடி. அறுபது டன்னுக்கு அடி. வடிவின் பன்னிரண்டு ஏக்கர் அதற்குக் காணாது.

தபாலாபீசுக்கு ஓடினார். கம்பி அறுந்துவிட்டது. வழியில் ஊத்து கிராமத்துக்கு இந்தப் பக்கம் மரம் சாய்ந்து கிடக்கிறதாம். தந்தியும் இல்லை, போனும் இல்லை. கம்பி அறுவதற்கு அஞ்சு நிமிஷம் முன்னால் வந்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று போஸ்ட்மாஸ்டர் ஆறுதல் சொன்னார்.

இவ்வளவும் முடிந்து, வடிவையும் தோட்டத்திலிருந்து ஏற்றிக்கொண்டுதான் ஜீப் இப்படிப் பறந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குள் சேட்டைப் பிடித்து அறுபது டன்னைத் திரும்ப விற்க வேண்டும். பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

சாய்ந்த மரத்தைப் பாதி வெட்டியிருந்தார்கள். மீதியை வெட்ட சேனாதிபதியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இருபது நிமிஷம் போயிற்று. வடிவு ஜீப்பிலேயே உட்கார்ந்து இரண்டாவது ஆரஞ்சை உரித்தாள்.

பெருமாள்மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நின்றார்கள். எதிரே கேரளத்து லாரி ஒன்று நின்றது. டிரைவர் பேச்சுவாக்கில், அவன் ஊர்ப்பக்கம் இந்த வருஷம் மிளகு ரொம்ப மோசம் என்று சொன்னான். சேனாதிபதியின் காது மானின் காதுபோல் நிமிர்ந்தது. ஜீப் கிளம்பி ஒரு மைல் போயிருக்கும். அவர் மெதுவாகப் பின்னால் திரும்பினார்.

"வடிவு, முப்பதை மட்டும் வித்தாப் போதாது? வாங்கின மிச்சம் முப்பது இருக்கட்டுமே?"

வடிவு அவர் சட்டைப்பையைச் சுட்டிக் காட்டினாள். "நாலாவதைப் படிங்க."

"டீக்கடை இல்லையே. லாரி டிரைவர்."

"ஆமா. டீக்கடையில இடம் இல்லாம நின்னவன்."

ஆண்டிச்சாமி சிரிப்பை அடக்கியதில் ஜீப் ஒருமுறை குலுங்கியது. சேனாதிபதி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கோடை ஏரி தெரிந்தபோது மணி இரண்டு முப்பத்தெட்டு. வீட்டுப் போனுக்குப் போய்ச்சேர நேரமில்லை, தபாலாபீசுதான்.

ஏப்ரல் மாதம், சீசன் உச்சம். தபாலாபீசு ட்ரங்க் கால் வரிசையில் தொப்பியும் ஸ்வெட்டருமாகப் பதினாலு பேர். சென்னையில் விட்டுவந்த நாய் சாப்பிட்டதா என்று கேட்க ஓர் அம்மாள் அரை மணியாகக் காத்திருந்தார். சாதாரண கால் போட்டால் சாயங்காலம்தான் கிடைக்கும். அர்ஜெண்ட் போட்டாலும் மூன்றைத் தாண்டும். சேனாதிபதி கவுண்டரில் நோட்டுகளை வைத்து லைட்னிங் கால் கேட்டார். எட்டு மடங்கு கட்டணம். எல்லோரையும் தாண்டிக் கொண்டுபோகும். நாய்க்கார அம்மாள் அவரைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இரண்டு நாற்பத்தைந்து. மதுரை கிடைத்தது.

இரண்டு நாற்பத்தொன்பது. கோயம்புத்தூர் கிடைத்தது.

இரண்டு ஐம்பத்திரண்டு. போன் கூண்டுக்குள் மணி அடித்தது. சேனாதிபதி பாய்ந்தார். கதவை மூட நேரமில்லை. வடிவு கதவில் சாய்ந்து நின்றாள்.

"சேட்டு! அறுபது டன் விற்கணும். உடனே! சொல் பூண்டு!"

மறுமுனையில் சந்தைக் கூச்சல் கேட்டது. பிறகு சேட்டு தன்னுடைய தமிழில் சொன்னார்: "பூண்டு இல்லை, சேனாதிபதி."

"என்ன இல்லை?"

"வார்த்தை அது இல்லை. காலையில் தந்தி வந்தது. அதிலேயும் பூண்டு. தப்பு வார்த்தை. நான் தந்தியை மேஜையில் வெயிட் வைத்து வைத்துவிட்டேன். ஒரு கிலோகூட வாங்கவில்லை. இப்பவும் தப்பு வார்த்தை. ஒரு கிலோகூட விற்க மாட்டேன்."

சேனாதிபதி கூண்டின் சுவரில் சாய்ந்தார். அவருடைய மூளைக்கு இந்தத் தடவை கொஞ்சம் நேரம் பிடித்தது. வாங்கவில்லை. என்றால் விற்ற முப்பது அப்படியே நிற்கிறது. கிடங்கில் முப்பது அப்படியே கிடக்கிறது. இரண்டு மாடும் கட்டுத்தறியில்தான் இருக்கின்றன. தான் மட்டும்தான் காலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டு ஓடியிருக்கிறோம். இப்போது தான் சொன்னதைக் கேட்டுச் சேட்டு அறுபதை விற்றிருந்தால்? தொண்ணூறு டன் விற்று, கிடங்கில் முப்பதோடு நின்றிருப்பார். அதுவும் இன்னொரு பள்ளம்தான். ஒரே தப்புச் சொல் இரண்டு பள்ளத்தையும் மூடிவிட்டது.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். மணி இரண்டு ஐம்பத்தாறு. வடிவு பொரிகடலைப் பொட்டலம் வாங்கியிருந்தாள்.

கோபப்படுவதா, காலில் விழுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஏன் தப்பான சொல்லைக் கொடுத்தாய் என்று கேட்டார். அழகுமலை கொடியை வெட்டியது தனக்குப் போன வாரமே தெரியும் என்றாள் அவள். வாழைக்கன்று வேண்டுமா என்று அவர் பெண்டாட்டி வந்து கேட்டாளாம்.

"அப்போ அதைச் சொல்லியிருக்கலாமே. தொண்டைத் தண்ணி வத்த இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்க மாட்டேனே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? கொடி போனா என்ன, வேற ஒண்ணு கண்ணுல பட்டிருக்கும். மூணு மணிக்குள்ள உங்க மனசு இன்னும் ரெண்டு தரம் மாறும்னு தெரியும். ஜீப்புல ஓடிக்கிட்டே இருந்தா போன் பக்கம் இருக்க மாட்டீங்கல்ல."

சேனாதிபதி பொரிகடலையை மென்றார். நியாயம்தான். மனம் லேசானது. லேசான மனம் உடனே வேலையைத் தொடங்கியது. பெருமாள்மலை லாரி டிரைவர் திரும்ப வந்து எதிரே நின்றான். மலையாளத்துக்காரன். அவனுக்குத் தெரியாதா? முப்பதும் வேண்டாம். பாதியை, பதினைந்து டன்னை மட்டும், இப்போது திரும்ப வாங்கிவிட்டால்? லைட்னிங் கால் இன்னொன்று போட இரண்டு நிமிஷம் இருக்கிறது.

"வடிவு" என்றார் குழைந்து, "சரியான சொல் என்ன? சும்மாத்தான் கேக்கேன்."

வடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி பிடித்தாள். ஆனால் விடவில்லை.

தேவாலயத்து மணி மூன்று அடித்தது.

அரை மணி நேரம் இருவரும் ஏரிக்கரைத் திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாவது விதி. படகில் போன புதுத் தம்பதிகள் இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். இந்த வயதிலும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைத்திருக்கலாம். பிறகு நாயுடுபுரத்து வீட்டுக்கு நடந்தார்கள். நாலு மணிக்குப் போன் அடித்தது.

சேட்டு விவரம் சொன்னார். அகில இந்திய மதிப்பீடு வந்துவிட்டது. விளைச்சல் போன வருஷத்தைவிட அதிகம். சந்தையில் எல்லோருமே குறையும் என்று எதிர்பார்த்து வாங்கி வைத்திருந்தார்கள். பலகையில் விளைச்சல் கணக்கை எழுதிய சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் விலை குவிண்டாலுக்கு இருநூற்றிருபது ரூபாய் விழுந்தது. கிடங்குச் சரக்கில் போனது முன்விற்பனையில் ஏறக்குறைய அப்படியே வந்துவிட்டது. காலைத் தந்தியின்படி வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சேட்டு சொல்லவில்லை. சேனாதிபதியே கணக்குப் போட்டுப் பார்த்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டார். வடிவின் காப்பிச் செடிகள் வரிசை வரிசையாகக் கண்முன் நின்றன.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேஜையில் விரித்தார். உடைத்த விதிகளுக்கு எதிரே பென்சிலால் குறி போட்டார். ஒன்று, மூன்று, நாலு, ஆறு. ஏழில் பென்சில் நின்றது.

"சரி, மூன்றரை தாண்டிருச்சு. இப்பவாவது சொல்லு. நீயும் சேட்டும் வச்சிருந்த சொல் என்ன?"

வடிவு அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லே வைக்கலைங்க" என்றாள். "எந்தச் சொல் வந்தாலும் தப்புன்னு சொல்லிருங்கன்னுதான் சேட்டுக்கிட்டச் சொன்னேன்."